கூந்தலுக்கு நிறம், பளபளப்புக்கு விலக்கு

நிழற்படத்தில் கருங்கூந்தலைச் செம்பு நிறமாக மாற்றுகிறவர் பெரும்பாலும் கூந்தலின் எல்லையை வெட்டியெடுப்பதில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார். எல்லை சரியாக அமைந்ததும் உள்ளே நிறத்தைக் கொட்டிவிடுகிறார். படம் கெடுவது இந்த இரண்டாவது வேலையில்தான். கூந்தல் முழுவதும் ஒரே அளவில் நிறம் பரவியதும் மினுமினுப்பு ஆரஞ்சாகிறது, இழைகளுக்கு நடுவே இருந்த இருட்டு சிவக்கிறது, தலையில் நைலான் விக் ஏறிக்கொள்கிறது. பளபளப்பையும் இருட்டையும் தொடாமல், இரண்டுக்கும் நடுவிலுள்ள வெளிச்சப் பகுதிக்கு மட்டும் நிறம் கொடுத்தால் இந்தக் கோளாறு வராது. அந்தப் பகுதியை ஸ்டூடியோக்களில் மிட்டோன் என்கிறார்கள். நடுத்தொனி என்று சொல்லலாம். அதைப் பிரித்தெடுக்க உதவுவது லுமினாசிட்டி மாஸ்க், அதாவது படத்தின் சொந்த வெளிச்சத்தைக் கொண்டே செய்யப்படும் ஒளிர்வு மாஸ்க்.

பளபளப்பு ஏன் நிறத்தை ஏற்கக் கூடாது என்பதற்கான விடை முடியின் கட்டமைப்பில் இருக்கிறது. ஒரு முடியிழையின் மேற்புறம் ஒளி ஊடுருவக்கூடிய மெல்லிய செதில்களால் ஆனது. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அமர்ந்திருப்பதுபோல இவை வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. முடிக்கு நிறம் தரும் மெலனின் இந்தச் செதில்களில் இல்லை. அவற்றுக்கு அடியிலுள்ள கார்டெக்ஸ் என்னும் தடித்த பகுதியில் இருக்கிறது. இழைமேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 5 சதவீதம் செதிலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. சாய்வாக விழுந்தால் இந்தப் பங்கு இன்னும் கூடும். திரும்பிய ஒளி மெலனினைச் சந்திக்கவே இல்லை. ஆகவே அது முடியின் நிறத்தை ஏற்றுக்கொள்ளாமல், விளக்கின் நிறத்தோடேயே கேமராவுக்கு வருகிறது. ஜன்னல் வழியே வானவெளிச்சம் விழுந்தால் பளபளப்பு வெளிர்நீலமாகவும், பழைய குண்டு பல்பு எரிந்தால் மஞ்சளாகவும் இருக்கும். முடி கறுப்பா, செம்பா, பொன்னிறமா என்பது இதில் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை.

மீதி ஒளி உள்ளே நுழைகிறது. அதன் கதையை 2003-இல் ஸ்டீபன் மார்ஷ்னர், ஹென்ரிக் வான் ஜென்சன் உள்ளிட்ட ஐந்து கணினி வரைகலை ஆய்வாளர்கள் அளவிட்டு எழுதினார்கள். திரைப்படங்களில் கணினியால் வரையப்படும் முடிக்கெல்லாம் பிறகு அந்தக் கட்டுரையே அடித்தளமாயிற்று. அவர்கள் காட்டியபடி, நுழைந்த ஒளியில் ஒரு பகுதி இழையைக் கடந்து மறுபுறம் வெளியேறுகிறது. இன்னொரு பகுதி மறுபுறச் சுவரில் மோதி, இழைக்குள்ளேயே மீண்டும் பயணம் செய்து, வந்த பக்கமே வெளிவருகிறது. இப்படித் திரும்பும் ஒளி மெலனினை இருமுறை கடந்திருப்பதால் முடியின் நிறத்தைத் தாங்கி வருகிறது. செதில்களின் சாய்வு காரணமாக, நிறமற்ற முதல் பளபளப்பு நுனியை நோக்கிச் சற்றே விலகியும், நிறமுள்ள இரண்டாவது பளபளப்பு வேரை நோக்கிச் சற்றே விலகியும் விழுகின்றன. செம்பட்டை முடியை அருகிலிருந்து பார்த்தால் வெள்ளைப் பட்டையை ஒட்டி ஒரு தகதகக்கும் ஆரஞ்சுப் பட்டை தெரிவது இதனால்தான். கருங்கூந்தலில் அந்த இரண்டாவது பட்டையை மெலனின் விழுங்கிவிடுகிறது. அங்கே கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் வெள்ளைப் பளபளப்பு மட்டுமே. கறுப்பைச் செம்பாக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது என்பது பின்னால் தெரியவரும்.

இருட்டுப் பகுதியின் நியாயம் எளிது. இழைகளுக்கு இடையிலும் கழுத்தின் பின்புறத்திலும் ஒளி போய்த் திரும்புவதே குறைவு. ஒளி இல்லாத இடத்தில் நிறம் தெரிய வழியில்லை.

இனி மென்பொருள் செய்வதைப் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் நிறம் மாற்ற வழக்கமாகக் கைகொடுப்பது Color என்ற கலப்பு முறை. மேலே வைத்த லேயரிலிருந்து நிறச்சாயலையும் செறிவையும் எடுத்துக்கொண்டு, கீழேயுள்ள படத்தின் வெளிச்சத்தை அப்படியே வைத்திருப்பது அதன் வேலை. வெளிச்சத்தைத்தான் மாற்றவில்லையே, பளபளப்பு தப்பித்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. சிவப்பு 150, பச்சை 70, நீலம் 35 கொண்ட ஒரு செம்பு நிறத்தை எடுத்துக்கொள்வோம். இதைக் கூந்தலின் நடுப்பகுதியில், 45 அளவுள்ள சாம்பல்மீது Color முறையில் வைத்தால் 94, 29, 0 என்ற அடர்ந்த துருச்சிவப்பு கிடைக்கிறது; கேட்டது ஏறத்தாழ இதுதான். அதே நிறம் 200 அளவுள்ள பளபளப்பின்மீது விழும்போது 255, 182, 150 ஆகிறது. வெள்ளியாக மின்ன வேண்டிய இடம் பீச் பழத்தின் தோல்நிறத்துக்கு மாறிவிட்டது. வெளிச்சத்தின் அளவு காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் கண் பளபளப்பை அடையாளம் காண்பது அளவைக்கொண்டு மட்டும் அன்று. விளக்கின் நிறத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கிறது. பீச் நிற மினுப்பைக் கண்டதும் அதைச் சாயம் ஏறிய பிளாஸ்டிக் என்று முடிவுசெய்கிறது.

இருட்டில் சேதம் சிறியது, ஆனால் உண்டு. 15 அளவுள்ள நிழல் 31, 10, 0 ஆகிறது. திரையில் அது கறுப்பாகவே தோன்றினாலும் நீலம் முழுவதும் போய்விட்டது. படத்தைப் பின்னர் யாராவது சற்று வெளுப்பாக்கினால் நிழல்கள் எல்லாம் செங்கல் நிறத்தில் எழும்பி வரும்.

ஆகவே நிறத்தைத் தடுத்து நிறுத்த ஒரு மாஸ்க் வேண்டும். மாஸ்க் என்பது கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே கொண்ட ஒரு படம். வெள்ளையான இடத்தில் லேயர் முழுதாக வேலைசெய்யும், கறுப்பான இடத்தில் வேலைசெய்யாது, சாம்பலில் பாதியும் கால்வாசியுமாகச் செய்யும். தூரிகையால் வரைந்த மாஸ்க் கூந்தலின் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு ஈடுகொடுக்காது. படத்தின் வெளிச்சத்தையே மாஸ்க்காக்கினால் ஒவ்வொரு பிக்சலும் தன் பங்கைத் தானே முடிவுசெய்துகொள்ளும். ஓரங்களும் இயல்பாகவே கரைந்து போகும். இந்த உத்தியைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் டோனி கைப்பர். 2006-இல் அவர் வெளியிட்ட விளக்கம் வானத்தையும் பாறையையும் தனித்தனியே திருத்துவதற்காக எழுதப்பட்டது.

அவர் வழியில் நடுத்தொனி மாஸ்க் பெறுவது ஒரு சின்னக் கணக்கு. வெளிச்ச மாஸ்க்கில் ஒரு பிக்சலின் பங்கு அதன் வெளிச்சமேதான். அதைத் தலைகீழாக்கினால் இருட்டு மாஸ்க். இரண்டும் சேர்ந்து பிடிப்பது எதுவோ அதுவே நடுத்தொனி. வெளிச்சத்தை 0 முதல் 1 வரை அளந்து L என்று குறித்தால், நடுத்தொனியின் அளவு இப்படி அமையும்:

```
M = L × (1 − L)
```

சரியாக நடுவிலுள்ள சாம்பலுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பங்கே 0.25, அதாவது கால்வாசி. இந்தத் தேர்வை ஏற்றும்போது பிக்சல் எதுவும் 50 சதவீதத்துக்கு மேல் தேர்வாகவில்லை என்று ஃபோட்டோஷாப் எச்சரிப்பது இதனால்தான், பிழை ஒன்றுமில்லை.

நிலக்காட்சிக்குப் பொருந்தும் இந்த மாஸ்க் கருங்கூந்தலுக்கு ஒத்துவராது. படத்தின் நடுத்தொனி வேறு, கூந்தலின் நடுத்தொனி வேறு. ஓர் உருவப்படத்தின் சராசரி நடுப்பகுதி 128-ஐச் சுற்றி இருக்கும். அங்கே வந்து விழுவது முகத்தின் தோலும் பட்டுப்புடவையும். கருங்கூந்தலின் உடலோ 30-க்கும் 80-க்கும் இடையில் கிடக்கிறது. கைப்பர் வழி மாஸ்க்கைக் கூந்தலில் போட்டால் 45 அளவுள்ள இழைகளுக்குக் கிடைக்கும் பங்கு சுமார் 15 சதவீதம்; பளபளப்பின் சரிவில் 130 அளவுள்ள பகுதிக்குக் கிடைப்பதோ 25. எங்கே நிறம் வேண்டாமோ அங்கே அதிகம் ஒட்டும். இந்த உத்தியைக் கேள்விப்பட்டு முயன்று பார்த்து, சரிப்படவில்லை என்று கைவிடுகிறவர்கள் பலரும் இடறும் இடம் இதுவே. மாஸ்க்கைக் கூந்தலின் சொந்த அளவுகளைக்கொண்டு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்க்கலாம். பெண் ஒருவர் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் தடவி வாரிய கருங்கூந்தல், நடு வகிடு, காதுக்குப் பின்னே மல்லிகைச் சரம். எண்ணெய் செதில்களை வழவழப்பாக்கிவிடுவதால் பளபளப்பு அகலமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. இந்த வேலைக்கு இதைவிடக் கடினமான கூந்தல் வேண்டியதில்லை.

படத்தைக் கேமராவின் மூலக் கோப்பிலிருந்து சேனலுக்கு 16 பிட் என்ற அளவில் திறப்பது நல்லது. காரணம் பின்னால் வரும் வளைகோடு. கறுப்புப் பகுதியில் 18 படிகளை 255 படிகளாக இழுக்கப் போகிறோம். 8 பிட் படத்தில் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 14 அளவு இடைவெளி விழும், மாஸ்க் திட்டுத்திட்டாகிவிடும். ஏற்கெனவே 8 பிட் JPEG ஆகச் சேமித்த படத்தை 16 பிட்டுக்கு மாற்றுவதால் தொலைந்த படிகள் திரும்ப வருவதில்லை.

முதலில் கூந்தலின் எல்லை. Select and Mask வழியாகத் தேர்ந்து அதை ஒரு சேனலாகச் சேமித்தால் போதும். இதில் உயிரைக் கொடுத்து உழைக்கத் தேவையில்லை என்பது கருங்கூந்தலுக்கு உள்ள சலுகை. வகிட்டில் தெரியும் தோலும் நெற்றியோரப் பூனைமுடிகளுக்கு நடுவே தெரியும் தோலும் முடியைவிட மிகப் பிரகாசமானவை. மல்லிகை அதைவிடப் பிரகாசம். எல்லைக்குள் அவை அகப்பட்டாலும் ஒளிர்வு மாஸ்க் அவற்றை வெளியே தள்ளிவிடும். பூ கனகாம்பரமாக இருந்தால் மட்டும் அதைத் தூரிகையால் விலக்கிவிடுவது பாதுகாப்பு, அதன் அளவு பளபளப்பின் சரிவுக்குள் விழக்கூடும்.

அடுத்து ஒளிர்வு. Channels பலகத்தில் RGB என்ற வரிசையின் சிறுபடத்தை Ctrl அழுத்திக் கிளிக் செய்தால் படத்தின் வெளிச்சம் தேர்வாகிறது. பலகத்தின் அடியிலுள்ள பொத்தானால் அந்தத் தேர்வைப் புதிய சேனலாகச் சேமித்துவிட்டு, தேர்வை நீக்கிவிட வேண்டும். இப்போது அந்தச் சேனல் படத்தின் கறுப்பு-வெள்ளை நகல். அதைத் தேர்ந்து Ctrl+M கொடுத்தால் Curves பெட்டி திறக்கும். அதில் Show Amount of என்ற இடத்தில் Light தேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் 0 கறுப்பாகவும் 255 வெள்ளையாகவும் இருக்கும். பெட்டி திறந்திருக்கும்போது படத்தில் ஓரிடத்தை Ctrl அழுத்திக் கிளிக் செய்தால் அந்த இடத்தின் அளவு வளைகோட்டின்மேல் புள்ளியாக விழும். மூன்று இடங்களை அளந்துகொள்ளலாம்: கழுத்தோர நிழல், இழைகள் தெளிவாகத் தெரியும் உடற்பகுதி, பளபளப்பின் நடு. இந்தப் படத்தில் நிழல் 10 முதல் 15, உடல் 35 முதல் 75, பளபளப்பு 170 முதல் 210 என்று வைத்துக்கொள்வோம்.

வளைகோட்டை இப்போது ஒரு மேடாக்க வேண்டும். அளந்த புள்ளிகளை நீக்கிவிட்டு, 14-ஐ 0-வுக்கு இறக்கி, 32-ஐ 255-க்கு ஏற்றி, 75 வரை 255-இலேயே நிறுத்தி, அங்கிருந்து மெதுவாக இறக்கி 165-இல் 0-வுக்குக் கொண்டுவர வேண்டும். 165-க்கு மேலே கோடு மீண்டும் தலைதூக்கப் பார்க்கும். 200-இலும் 255-இலும் 0-வில் புள்ளி வைத்து அமர்த்திவிடலாம். இருட்டுப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் வெளிச்சப் பக்கச் சரிவு நீளமாகவும் இருப்பது வேண்டுமென்றே செய்தது. நிறமுள்ள இரண்டாவது பளபளப்பு விழ வேண்டிய இடம் அந்த நீண்ட சரிவுதான். 120 அளவுள்ள பிக்சலுக்கு அங்கே பாதி நிறம் கிடைக்கும், 165-ஐத் தாண்டியதற்கு ஒன்றும் கிடைக்காது. இரு பக்கமும் சமமான மேடு ஒன்றைப் போட்டால் பளபளப்பைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் தெரியும்.

பெட்டியை மூடிவிட்டுச் சேனலைத் தனியே பார்த்தால் மாஸ்க்கின் தரம் தெரிந்துவிடும். கூந்தலின் உடல் வெள்ளை இழைகளாகவும், நிழலும் பளபளப்பும் கறுப்பாகவும், இரண்டுக்கும் நடுவே உடையாத சாம்பல் சரிவுகளாகவும் இருக்க வேண்டும். உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அது நிழலின் இரைச்சல். 14 என்ற புள்ளியைச் சற்றே வலப்புறம் நகர்த்துவது முதல் வைத்தியம். மாஸ்க்கை மங்கலாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு பிக்சலுக்கு மேல் மங்கலாக்கினால் மாஸ்க் இழைகளோடு பொருந்தாமல் போய், நிறம் பக்கத்து நிழலுக்குள் கசியும்.

இப்போது லேயர்கள். ஒரு லேயர் குழுவை உருவாக்கி அதற்குக் கூந்தலின் எல்லைச் சேனலை மாஸ்க்காகக் கொடுக்க வேண்டும். குழுவுக்குள் வைக்கும் ஒவ்வொரு லேயருக்கும் ஒளிர்வுச் சேனல் மாஸ்க்காகும். இரண்டு மாஸ்க்குகளும் தாமாகவே பெருக்கப்படுவதால் எல்லையை ஓரிடத்திலும் தொனியை இன்னோரிடத்திலும் தனித்தனியே திருத்திக்கொள்ளலாம். சேனலை Ctrl அழுத்திக் கிளிக் செய்து தேர்வாக்கிவிட்டு Solid Color லேயர் ஒன்றைச் சேர்த்தால் மாஸ்க் தானாக ஒட்டிக்கொள்ளும். நிறம் முன்னே கண்ட 150, 70, 35. கலப்பு முறை Color.

பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பளபளப்பு வெள்ளியாகவே நிற்கிறது, நிழல் கறுப்பாகவே இருக்கிறது, ஆனால் நடுவே செம்பைவிடக் கறுப்புக் காப்பியே தெரிகிறது. இது உத்தியின் பிழையன்று. 45 அளவுள்ள இருட்டில் நிறம் விரிய இடமில்லை. அழகு நிலையத்தில் கருங்கூந்தலுக்குச் செம்புச் சாயம் ஏற்றும் முன் மெலனினை வெளுக்கச் செய்கிறார்கள். படத்திலும் அதே வரிசையைப் பின்பற்ற வேண்டும். Solid Color லேயருக்குக் கீழே, அதே மாஸ்க்குடன் ஒரு Curves லேயர் வைத்து, அதன் கலப்பு முறையை Luminosity ஆக்கி, 45-ஐ 65-க்கு உயர்த்தலாம். அந்த இருபது படிகள் செய்யும் மாற்றம் பெரிது: 94, 29, 0 என்றிருந்த இழை இப்போது 125, 45, 10 ஆகிறது. செம்பு என்று சொல்லக்கூடிய நிறம் இங்கேதான் பிறக்கிறது. அதன்பின் நிற லேயரின் Opacity-யை 70 சதவீதம் அளவுக்கு இறக்கினால் இழைக்கு இழை இருந்த இயற்கையான வேறுபாடு கொஞ்சம் திரும்பி வரும். முழுச் செறிவில் விட்ட கூந்தல் பெரும்பாலும் நம்பும்படி இருப்பதில்லை.

உயர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு, அதை மீறினால் தெரியும் அடையாளமும் உண்டு. மாஸ்க் நடுப்பகுதியை மட்டும் தூக்குகிறது, மேற்பகுதியை அங்கேயே விட்டுவிடுகிறது. பேராசைப்பட்டு 45-ஐ 110-க்குத் தூக்கினால் 75 அளவில் இருந்த இழை 145-க்குப் போகும். 120 அளவில் இருந்த பக்கத்து இழை, மாஸ்க் பாதியே விடுவதால், 152-இல் நின்றுவிடும். இரண்டுக்கும் இடையே 45 படிகள் இருந்தன, இப்போது 7. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண் பூசியதுபோல் தட்டையாகும். இன்னும் தூக்கினால் வரிசையே தலைகீழாகி, மங்கலாக இருந்தது பிரகாசமானதை முந்திவிடும். பளபளப்பைச் சுற்றிக் கூந்தல் இழைகள் தெளிவிழந்து காணப்பட்டால் Curves லேயரைச் சற்றே இறக்க வேண்டும் என்று பொருள்.

இந்த நிலையில் கூந்தல் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கொஞ்சம் உயிரற்றுத் தோன்றலாம். விட்டுப்போனது நிறமுள்ள அந்த இரண்டாவது பளபளப்பு. கறுப்பு முடியில் அது இல்லாததால் மூலப்படத்திலும் இல்லை. செம்பு முடியிலோ அது கட்டாயம் இருக்கும். மூலச் சேனலின் இன்னொரு நகலை எடுத்து, மேட்டை 80-இல் தொடங்கி 115-இல் உச்சிக்குப் போய் 160-இல் முடியும்படி குறுக்கி, அந்த மாஸ்க்குடன் பொன் கலந்த ஆரஞ்சு நிற லேயர் ஒன்றை 20 அல்லது 25 சதவீதத்தில் வைத்தால் போதும். வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் மெல்லிய தகதகப்பு வந்து சேரும். நுணுக்கமாகச் செய்கிறவர் இந்த லேயரின் மாஸ்க்கில் நுனிப்பக்க ஓரத்தை லேசாக அழித்து, வேர்ப்பக்க ஓரத்தை மட்டும் விட்டுவைப்பார். ஒளி உண்மையில் விழும் பக்கம் அது.

இனி ஒளிர்வு மாஸ்க்கால் தீர்க்க முடியாதவை. நரைமுடி அவற்றில் முதன்மையானது. நரைத்த இழை பிரகாசமாக இருப்பது மெலனின் இல்லாததால். பளபளப்பு பிரகாசமாக இருப்பது மேற்பரப்புப் பிரதிபலிப்பால். மாஸ்க்குக்குத் தெரிவது பிரகாசம் ஒன்றுதான், காரணம் தெரியாது. ஆகவே நரை அத்தனையையும் பளபளப்பு என்று நினைத்து விட்டுவிடும். செம்புக் கூந்தலில் காதோர நரை முன்னைவிட எடுப்பாகத் தெரியும். அந்த இழைகளைக் குறுகிய தூரிகையால் தனி Color லேயரில் கையால் வரைவதைத் தவிர வழியில்லை. நரையா பளபளப்பா என்று பிரித்தறிய இழையைத் தொடர்ந்து பார்க்கலாம்: பளபளப்பு பக்கத்து இழைகளோடு சேர்ந்து ஒரே பட்டையாக ஓடி முடியும், நரை தன் இழையின் நீளம் முழுக்கத் தனியாகப் போகும்.

தலையைச் சுற்றிப் பறக்கும் தனிமுடிகள் அடுத்த தொல்லை. வெளிர்ச் சுவருக்கு முன்னே ஓர் ஒற்றை முடி ஒரு பிக்சலின் அகலத்தைக்கூட நிரப்பாது. சுவரின் வெளிச்சமும் கலந்து அதன் அளவு 150, 180 என்று ஏறிவிடும். மேடு அதை ஏற்காது. விளைவு, செம்புத் தலையைச் சுற்றிக் கறுப்புப் பஞ்சு. படத்தை 100 சதவீத அளவில் வைத்து ஓரங்களைப் பார்த்தால் இது உடனே தெரியும். அந்த ஓரத்துக்கு மட்டும் ஒளிர்வு மாஸ்க் இல்லாத ஒரு Color லேயரில் மெல்லிய தூரிகையால் ஒற்றி எடுத்தால் சரியாகும். சுவர் நடுநிலைச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அதிலும் நிறம் படியும் என்பதால் கை பொறுமையாக இருக்க வேண்டும்.

பின்னாலிருந்து வெளிச்சம் வரும் படங்களில் விதியே மாறுகிறது. அங்கே தலையின் விளிம்பில் ஒளிரும் வளையத்தில் பெரும்பங்கு இழையைக் கடந்து வந்த ஒளி. அது முடியின் நிறத்தைக் கொண்டது. மாலை வெயிலுக்கு எதிரே நிற்கும் செம்பட்டைத் தலை நெருப்பாகத் தெரிவது அதனால். அப்படிப்பட்ட படத்தில் விளிம்பு வெளிச்சத்தை நிறமில்லாமல் காப்பாற்றினால் அதுவே பொய்யாகத் தோன்றும். மேட்டின் வெளிச்சப் பக்கச் சரிவை 220 வரைக்கும் நீட்டி, அங்கும் நிறம் போக விட வேண்டும்.

கறுப்பிலிருந்து வெளிர்பொன் வரைக்கும் போகவேண்டும் என்று கேட்டால் நடுத்தொனியை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய இயலாது. வெளிர்முடியில் மெலனின் குறைவு என்பதால் ஒளி ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குத் தாவித் தாவிப் போகிறது. இடைவெளிகளின் இருட்டு குறைகிறது, பளபளப்புக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு மங்குகிறது. கருங்கூந்தலின் கூர்மையான நிழலையும் மினுப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவைப் பொன்னாக்கினால் அது வரிவரியாகத் தீட்டிய ஓவியம்போல் இருக்கும். அடர்பழுப்பு, செம்பு, மருதாணிச் சிவப்பு, ஒயின் நிறம் ஆகியவைவரை இந்த வழி பாதுகாப்பானது. எதிர்த் திசையில், பழுப்பு முடியைக் கறுப்பாக்குவது எளிது. Curves லேயர் உயர்த்துவதற்குப் பதில் தாழ்த்தும், நிற லேயரின் செறிவு மிகக் குறைவாக இருக்கும்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கும் இதே பாதை உண்டு. இலவச மென்பொருளான கிம்பில் லேயருக்கு மாஸ்க் சேர்க்கும்போது Grayscale copy of layer என்ற தேர்வு இருக்கிறது. அப்படிக் கிடைத்த மாஸ்க்கின்மேல் Curves போட்டு அதே மேட்டை உருவாக்கி, அந்த மாஸ்க்கை LCh Color முறையிலுள்ள நிற லேயரில் வைக்கலாம். டார்க்டேபிளில் மாஸ்க் செய்யவே வேண்டாம். அதன் parametric mask என்ற வசதியில் நான்கு முக்கோணக் குறிகளை நகர்த்தினால் மேடு தயார். ஃபோட்டோஷாப்பிலேயே Blend If என்ற குறுக்குவழியில் Underlying Layer குறிகளை Alt அழுத்திப் பிளந்தும் இதைச் சாதிக்கலாம். விரைவான வழிதான், ஆனால் மாஸ்க்கைக் கண்ணால் பார்க்கவோ, நரையையும் ஓரத்தையும் தூரிகையால் திருத்தவோ அதில் இடமில்லை.

ஒரே பெண்ணின் இன்னொரு படத்துக்கு இந்த லேயர் குழுவை அப்படியே இழுத்துப் போட முடியாது. மாஸ்க் அந்தந்தப் படத்தின் வெளிச்சத்திலிருந்து பிறப்பது. தலை ஜன்னல் பக்கம் சற்றுத் திரும்பினால்கூட உடல் 35–75 என்றிருந்தது 50–100 ஆகிவிடும். நிறத்தையும் Curves லேயரின் வடிவத்தையும் எடுத்துப் போகலாம். மூன்று இடங்களையும் புதிதாக அளந்து, மேட்டை மீண்டும் வரைந்து, 45-இலிருந்து 65-க்கு என்றிருந்த உயர்வைப் புதிய அளவுக்கேற்ப நகர்த்தினால், இரண்டு படங்களிலும் கூந்தல் ஒரே சாயத்தில் அமையும்.